செப்டம்பரில் விழுந்த சூரியன்: ஒரு பன்னிரண்டு மாத டாரட் விரிப்பின் கணக்கு

2024 மார்ச் கடைசி வாரத்தில் கோவையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணிக்கு வரும் ஆண்டு முழுமைக்கும் டாரட் என்னும் படச் சீட்டுகளை வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை பன்னிரண்டு மாதம், மேலே கருப்பொருளாக ஒரு சீட்டு. ஆண்டு முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து, அன்று எழுதிய தாளையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அவருடைய கேள்வி ஒன்றுதான். இருக்கும் கடை சின்னது, வாடகை 14,000. இரண்டு தெரு தள்ளிப் பெரிய இடம் ஒன்று 22,000-க்கு வருகிறது. பழைய கடையின் அக்ரிமென்ட் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. வீட்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். “இந்த வருசம் எப்படி இருக்குமுங்க அக்கா?” என்று கேட்டார்.

சீட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த நாள்களைக் குறிக்கச் சொன்னேன். மே கடைசியிலிருந்து ஜூன் வரை பள்ளி யூனிஃபார்ம் தையல். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் கல்யாண ரவிக்கை வேலை நிற்கும். ஆவணியில் மறுபடி பிடிக்கும், புரட்டாசியில் மறுபடி இறங்கும். அக்டோபர் 31 தீபாவளி. மார்கழியில் ஓய்வு, தை பிறந்தால் முகூர்த்தம். மார்ச்சில் மகளுக்குப் பொதுத்தேர்வு. இதை முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது என் கட்டாயம். சீட்டு விழுந்த பிறகு நாள்களைக் கேட்டால், விழுந்த படத்துக்கு ஏற்ப நாள்களை வளைக்கும் புத்தி நமக்கும் வரும், கேட்பவருக்கும் வரும். ஆடியில் வியாபாரம் மந்தம் என்பது தையல்காரருக்குத் தெரிந்த சேதி. அதைச் சீட்டு சொன்னதாக நான் சொல்லிவிடக் கூடாது.

நான் பயன்படுத்துவது 1909-ல் லண்டனில் வெளியான ரைடர் வெய்ட் கட்டு. பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. 78 சீட்டுகளில் டவர், சன் போல் தனிப் பெயர் கொண்ட 22 மேஜர் அர்கானா, மீதி 56 மைனர்: வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வோர்ட்ஸ், நாணயமான பென்டக்கிள்ஸ் என்று நான்கு வகை, வகைக்கு 14. எண் சீட்டுகளிலும் மனிதர்களும் காட்சிகளும் இருப்பதால்தான் ஒரு மாதத்துக்கு ஒரு படம் என்று உட்கார்ந்து பேச முடிகிறது. பழைய மார்சேய் கட்டில் எட்டு நாணயம் என்றால் எட்டு நாணயம்தான் இருக்கும், அதில் இந்த முறை வேறு மாதிரி ஆகிவிடும்.

கருப்பொருள் சீட்டை 22 மேஜரிலிருந்து மட்டும் எடுக்கிறேன். பிறந்த தேதியையும் நடப்பு ஆண்டையும் கூட்டி வரும் எண்ணை அந்த ஆண்டின் சீட்டாக வைப்பவர்களும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அது கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் வந்து நிற்கும், கேட்பவரும் அதை நியூமராலஜிப் பலனாக எடுத்துக்கொள்வார். எனவே 22-ஐயும் தனியாகக் குலுக்கி, ஒன்றை எடுத்து மேலே வைத்துவிட்டு, மீதி 21-ஐ மைனரோடு கலந்து 77 சீட்டாக்கி, அதிலிருந்து பன்னிரண்டை வைக்கிறேன். தலைகீழ்ச் சீட்டுகளை இந்த விரிப்பில் படிப்பதில்லை, எல்லாவற்றையும் நிமிர்த்தே வைக்கிறேன்.

எப்படி வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பல புத்தகங்கள் நடுவில் ஒரு சீட்டு, சுற்றிப் பன்னிரண்டு என்றுதான் சொல்லும். நம்மவர் கண்ணுக்கு அது அப்படியே ராசிக் கட்டம். பன்னிரண்டு வீடு, நடுவில் வெற்றிடம் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கண். முன்பு ஒருவருக்கு அப்படி வைத்தபோது ஏழாவது சீட்டைக் காட்டி, “இது களத்திர ஸ்தானமா?” என்று கேட்டார். நான் ஏழாவது மாதத்தைப் பற்றிப் பேச, அவர் தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வட்டமே போடுவதில்லை. மேலே கருப்பொருள், கீழே வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. ஒரு வரிசை ஒரு காலாண்டு.

அவருக்கு மேலே வந்தது டெம்பரன்ஸ். ஒரு தேவதை, ஒரு கால் நீரில், ஒரு கால் கரையில், ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு “நிதானம், சமநிலை” என்று பொருள் சொல்லி முடித்துவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் பன்னிரண்டு மாதமும் அந்தச் சொல் தலைக்கு மேல் சும்மா தொங்கும். கருப்பொருளைக் கேட்பவரின் வாழ்க்கையில் நிற்கும் ஒரு கேள்வியாக மாற்ற வேண்டும். அவரையே படத்தைப் பார்க்கச் சொன்னேன். “ரெண்டு டம்ளர் வச்சு ஆத்தற மாதிரி இருக்குதுங்க்கா,” என்றார். எது இரண்டு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடையும் வீடும்தான்,” என்றார். அதையே தாளின் மேல் எழுதினோம்: கடையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து கடைக்கும் என்ன ஊற்றுகிறேன், எவ்வளவு? இதற்குப் பிறகு ஒவ்வொரு மாதத்துச் சீட்டும் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம், அவ்வளவுதான்.

பன்னிரண்டும் விழுந்த வரிசை இது. ஏப்ரல் எய்ட் ஆஃப் பென்டக்கிள்ஸ், மே நைன் ஆஃப் வாண்ட்ஸ், ஜூன் பேஜ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஜூலை ஃபோர் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், ஆகஸ்ட் டூ ஆஃப் பென்டக்கிள்ஸ், செப்டம்பர் சன். அக்டோபர் டவர், நவம்பர் ஃபோர் ஆஃப் கப்ஸ், டிசம்பர் சிக்ஸ் ஆஃப் பென்டக்கிள்ஸ். ஜனவரி த்ரீ ஆஃப் வாண்ட்ஸ், பிப்ரவரி நைட் ஆஃப் கப்ஸ், மார்ச் ஜட்ஜ்மென்ட்.

மாதத்துக்குள் போவதற்கு முன் பலர் மொத்தத்தை எண்ணிப் பலன் சொல்வார்கள். மேஜர் மூன்று, பென்டக்கிள்ஸ் மூன்று, ஆகவே பணத்தைச் சுற்றிய வருடம் என்பது போல. 77-ல் 21 மேஜர் இருக்கும்போது பன்னிரண்டு எடுத்தால் சராசரியாக மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரத்தான் செய்யும். ஒவ்வொரு வகையும் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். அவருக்கு வந்தது ஏறக்குறைய அதே அளவு. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எனவே ஒன்றும் சொல்லவில்லை. ஆறு ஏழு மேஜர் வந்திருந்தால் நின்று பேசியிருப்பேன்.

முதல் வரிசையை நிறையவே பேசினோம். ஏப்ரலில், பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாணயமாகச் செதுக்கும் தொழிலாளி. டெம்பரன்ஸின் கேள்வியை அங்கே வைத்துக் கேட்டால், கையால் செய்யும் நேரத்துக்கு என்ன கணக்கு? ஆரி வேலை ரவிக்கைக்குத் துணி, நூல், மணி எல்லாம் கணக்கில் இருக்க, வீட்டில் இரவு பதினொரு மணி வரை தான் தைக்கும் நேரத்துக்கு மட்டும் விலையே போடவில்லை என்று அவரே சொன்னார். தாளில் எழுதியது: “ஏப்ரலில் நான்கு ரவிக்கைக்கு மட்டும் என் நேரத்தை எழுதிப் பார்ப்பது.” மே மாதத்தில் தலையில் கட்டோடு கோலை ஊன்றி நிற்பவன். யூனிஃபார்ம் வேலை குவியும் மாதம் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே, “எந்த நாளுக்குப் பிறகு புது ஆர்டர் வாங்குவதை நிறுத்துவது?” என்று எழுதினோம். ஜூன் பேஜ் மகளோடு பேசுவதைப் பற்றி.

ஒவ்வொரு மாதத்துக்கும் நான் சொல்வது இந்த மூன்றுதான். படத்தில் கண்ணுக்குத் தெரிவது, அதிலிருந்து கருப்பொருளின் கேள்வி, அவர் கையில் இருக்கும் ஒரு செயல். என்ன நடக்கும் என்பது இதில் எங்கும் இல்லை. உடம்பு, பிள்ளைப்பேறு, வழக்கு, பரீட்சை முடிவு, அடுத்தவர் மனதில் இருப்பது ஆகியவற்றைப் படிப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொலைவு கூடக் கூடப் பேச்சைக் குறைக்கவும் வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்துக்கே கொடுத்தேன். கடைசி வரிசைக்கு மாதம் ஒரு வரிதான். பத்து மாதம் தள்ளியிருப்பதை அடுத்த மாதத்தைப் பேசும் அதே விவரத்தோடு பேசினால், அந்த விவரமே ஒரு வாக்குறுதி ஆகிவிடும். காசு கொடுத்தவருக்குக் கடைசி வரிசை மெலிந்து தெரியும் என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. அதற்காகவே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து அடுத்த வரிசையை விரிவாகப் பார்க்கலாம் என்று முதல் கட்டணத்திலேயே சேர்த்துக்கொண்டேன்.

இனி செப்டம்பர்.

வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை, பின்னால் சுவர், சுவருக்கு மேல் சூரியகாந்திகள், மேலே முழுச் சூரியன். அக்ரிமென்ட் முடியும் மாதம். சீட்டைத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்திருக்கும். அதுவரை கட்டிக் காத்த ஒழுங்கை அந்த நிமிடம் விட்டேன். “இது நல்ல வெளிச்சமான மாசம்மா. கடை விசயத்துல தைரியமா இருக்கலாம்,” என்றேன்.

ஜூலை முதல் வாரம் இரண்டாவது வரிசைக்காக வந்தவர், புது இடத்துக்கு 50,000 முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தன் நோட்டைக் காட்டினார். அதில் “செப்டம்பர் – கடை மாத்தலாம்” என்று இருந்தது.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாட முடியும். ஆனால் அவர் கேட்டது அதைத்தான், அதைக் கேட்க வைத்தது என் சொல். இங்கே நம் மொழியைக் கவனிக்க வேண்டும். “நடக்கும்” என்றால் குறி சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைத் தவிர்த்து “லாம்” போட்டுப் பேசப் பழகியிருந்தேன். “லாம்” போட்டால் உறுதி குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் தமிழில் “மழை வரலாம்” என்பதில் இருக்கும் அதே “லாம்”தான் “உள்ளே வரலாம்” என்பதிலும் இருக்கிறது. ஒன்று சந்தேகம், மற்றொன்று அனுமதி. முடிவெடுக்கத் தவித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதில் அது அனுமதியாகத்தான் விழும். அடக்கமாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு உத்தரவு கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. மிகைவாக்கு கெட்ட சீட்டில் வருவதில்லை, அங்கே நாம் பயந்து பத்து முறை யோசித்துப் பேசுகிறோம். நல்ல சீட்டில்தான் கை நழுவுகிறது. இருவரும் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் யாரும் சொல்லைச் சரிபார்ப்பதில்லை.

அன்று ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் ஒதுக்கிவிட்டு செப்டம்பரையே மறுபடி எடுத்தோம். நான் சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். பிறகு மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். இந்தப் படத்தில் எல்லாம் வெயிலில் இருக்கிறது. கடை மாற்றுவதில் இன்னும் வெயிலுக்கு வராதது எது? அவர் புது வாடகையை மட்டும்தான் பார்த்திருந்தார். காலண்டர் தாளை எடுத்து வைத்தோம். செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி, கல்யாண வேலை வரும்படி இல்லாத நேரம். அதைத் தாண்டியதும் தீபாவளித் தையல் தலைக்கு மேல் நிற்கும். மிஷின்களைக் கழற்றி, வயரிங் மாற்றி, விலாசம் மாறியதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய அதே நான்கு வாரம்தான் வருடத்திலேயே அதிகம் சம்பாதிக்கும் நான்கு வாரம். இது அவருக்குத் தெரியாததல்ல. என் “வெளிச்சமான மாசம்” அதை மறைத்துவிட்டது.

நவம்பர் நடுவில் வருகிறேன் என்று புது இடத்துக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் ஒப்பவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பழைய கடையையே வாடகை கொஞ்சம் ஏற்றி, அக்டோபரிலிருந்து இன்னும் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டார். போன 25,000-ல் எனக்குப் பங்கு உண்டு. என் கட்டணத்தை முழுதும் திருப்பிக் கொடுத்தேன். அது ஈடாகாது.

அக்டோபர் டவரைப் பார்த்து மார்ச்சிலேயே அவர் “ஐயோ” என்றிருந்தார். மின்னல் வெட்டி உச்சி கழன்று, இருவர் தலைகீழாக விழும் கோபுரம், அதுவும் தீபாவளி மாதத்தில். அப்போது அவருக்கு ஒரு கணக்குச் சொன்னேன். டவர், டெத், டென் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் ஆகிய மூன்று பயமுறுத்தும் சீட்டுகளில் ஒன்றாவது இப்படி எடுக்கும் பன்னிரண்டில் விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு இருக்கிறது. ஆண்டு பார்க்க வரும் ஐந்து பேரில் இரண்டு பேர் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அது அவர் மூச்சைக் கொஞ்சம் இறக்கியது. பிறகு கேள்வி: எந்த ஒன்று நின்றால் கடை முழுதும் நிற்கும்? யோசிக்காமல் பதில் வந்தது. “கட்டிங் மாஸ்டர்.” ஒரே ஆள், பதினோரு வருடமாக. தாளில் எழுதியது: “அக்டோபருக்குள் வெட்டத் தெரிந்த இரண்டாவது கை.” கடையில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஆகஸ்ட் முதல் ரவிக்கை வெட்டப் பழக்கினார்.

அக்டோபரில் ஒன்றும் இடியவில்லை. மாஸ்டர் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரை வந்து வெட்டிக் கொடுத்தார். அவர் சொந்த ஊருக்கே போய்விட்டது பிப்ரவரியில். அந்த மாதச் சீட்டு நைட் ஆஃப் கப்ஸ், கையில் கோப்பையோடு அமைதியாகக் குதிரையில் வரும் இளைஞன். அதற்கு நாங்கள் எழுதியிருந்தது, வரும் அழைப்புகளில் எதை ஏற்பது என்பது பற்றி ஒரு வரி. மாஸ்டரைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

“டவர் நாலு மாசம் தள்ளி வந்துடுச்சுங்க்கா,” என்று அவர் சொன்னார். எனக்கும் அப்படிச் சொல்லத் துடிப்பு இருந்தது. ஏற்றுக்கொள்ளவில்லை. தள்ளி வரலாம், முன்னால் வரலாம், வேறு உருவில் வரலாம் என்று விட்டால் தவறவே முடியாத சீட்டாகிவிடும். மாதம் மாதமாக வைப்பதற்கே பொருள் போய்விடும். அக்டோபர் என்று எழுதினோம், அக்டோபரில் நடக்கவில்லை. இரண்டாவது கையைத் தயார் செய்த வேலை பிப்ரவரியில் கடையைக் காப்பாற்றியது. பயன்பட்டது அந்தக் கேள்வி, மாதக் குறி தவறிவிட்டது. இரண்டையும் சேர்த்தே தாளில் எழுதினேன்.

மார்ச்சுக்கு ஜட்ஜ்மென்ட் விழுந்ததும், பொதுத்தேர்வு மாதமும் அதுவே என்பதும் வேறொரு வலை. எக்காளம் ஊதும் தேவதை, பெட்டிகளிலிருந்து எழும் மனிதர்கள். “ரிசல்ட்டுங்களா?” என்று கேட்டார். முடிவு வருவது மே மாதம், எங்கள் விரிப்புக்கே வெளியே. அதைப் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேர்வு நாள்களில் கடையை எத்தனை மணிக்குச் சாத்துவது என்பதை மட்டும் எழுதினோம். அவர் ஐந்து மணிக்குச் சாத்தினார்.

ஆண்டு முடிவில் ஒரு சோதனை செய்தோம். மாதப் பெயரையும் நாளைக் காட்டும் சொற்களையும் நீக்கி, பன்னிரண்டு குறிப்புகளையும் தனித்தனித் துண்டாக எழுதிக் கலைத்துக் கொடுத்தேன். நடந்ததை நினைத்து எது எந்த மாதம் என்று வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலே சராசரியாக ஒன்று சரியாக விழும். அவருக்கு மூன்று சரியாக விழுந்தன: சன், டவர், ஜட்ஜ்மென்ட். மூன்றுமே நாங்கள் பல முறை பேசியதால் அவர் நினைவில் இருந்தவை. மற்ற ஒன்பதில் ஒன்றுகூடச் சேரவில்லை. “எல்லாமே எல்லா மாசத்துக்கும் பொருந்தற மாதிரி இருக்குதுங்க்கா,” என்றார்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணக் குறிப்பைத் தனித்தனியாக எழுதியது போலக் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் கொடுத்த மதிப்பெண் சராசரி ஐந்துக்கு 4.26. என் குறிப்புகளிலும் அந்தத் தன்மை இருக்கிறது. “பொருந்தியது” என்று கேட்பவர் சொல்வதை, மாதத்தைச் சரியாகச் சொன்னதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒன்பதில் எத்தனை செயல் நடந்தது என்று எண்ணினேன். ஆறு. ஏப்ரலில் நான்கு ரவிக்கைக்கு நேரம் எழுதியதில் ஒரு ஆரி ரவிக்கைக்கு ஒன்பது மணி நேரம் போவது தெரிந்து, ஜூன் முதல் கூலியை ஏற்றியிருந்தார். ஃபோர் ஆஃப் கப்ஸ் வந்த நவம்பருக்கு எழுதியதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

இப்போது என் தாளில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். மாதக் குறிப்பில் “லாம்” என்று முடியும் வாக்கியம் எதுவும் இருக்கக் கூடாது. ஒன்று கேள்விக்குறியில் முடிய வேண்டும், அல்லது “எழுதிப் பார்ப்பது”, “கேட்பது”, “எண்ணுவது” என்று செயலில் முடிய வேண்டும். அடுத்தது, எழுந்து போவதற்கு முன் அவர் நோட்டில் எழுதியதை அவர் வாயாலேயே எனக்குப் படித்துக் காட்டச் சொல்கிறேன். நான் சொன்னதற்கும் அவர் எழுதியதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அப்போது தெரிந்துவிடும். பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

2025 ஏப்ரலில் மறுபடி வந்தார். இந்த முறை முதல் வரிசை மூன்று சீட்டு போதும் என்று அவரே சொன்னார். சீட்டை எடுப்பதற்கு முன் காலண்டர் தாளை இழுத்து, ஆகஸ்ட் கட்டத்தில் “அக்ரிமென்ட் முடிவு” என்று எழுதி, அதன் பக்கத்திலேயே அந்த மாதம் ஆடி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொண்டார்.